பழைய வாடிக்கையாளர்களிடம் கட்டண உயர்வை அறிவிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாதக் கட்டணத்துக்குச் சேவை தரும் சிறு நிறுவனங்களுக்காக எழுதியது இது. எடுத்துக்காட்டுக்கு, சிறு தொழில்களின் வரவு செலவுக் கணக்கைப் பராமரித்துத் தரும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் 200 பேர், ஆளுக்கு மாதம் 1,000. அதை 1,120 ஆக்க வேண்டியிருக்கிறது. எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, கணக்கு ஒன்றுதான்.

புதிதாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கடிதத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நல்ல வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து எழுதி அனுப்பிவிட்டு, வரும் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் நிற்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் கடிதம் ஐந்தாவதாகத்தான் வருகிறது. முதல் நான்கும் முடியாமல் எழுதினால் அதில் ஏதாவது ஒரு வரி பொய்யாகிவிடும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லா வாடிக்கையாளர்களின் பட்டியல், ஒவ்வொருவரும் எந்த நிபந்தனையில் சேர்ந்தார் என்ற விவரத்தோடு. கடந்த ஆண்டின் செலவு, இந்த ஆண்டின் செலவு, இரண்டும் தலைப்பு வாரியாக. பில் போடும் மென்பொருளில் கட்டணத்தை மாற்றத் தெரிந்த ஒருவர். கடைசியாக, வாடிக்கையாளர் கூப்பிட்டால் முடிவு சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர். அவருடைய பெயரும் நேரடி எண்ணும் கடிதத்தில் போகும் என்பதால், அறிவிப்புக்குப் பிந்தைய இரண்டு வாரம் அவர் விடுப்பில் போகக் கூடாது.

## 1. கொடுத்த வாக்கை முதலில் தேடுங்கள்

எவ்வளவு ஏற்றலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் யாருக்கு ஏற்றவே கூடாது என்று பாருங்கள். நம்பிக்கை உடைவது பெரும்பாலும் தொகையால் அல்ல, "இந்த விலைதான்" என்று சொல்லிவிட்டு மாற்றுவதால்.

நம் 200 பேரில் 130 பேர் மாதா மாதம் கட்டுபவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 52 பேர் ஆண்டு ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். 18 பேர் கடந்த மூன்று மாதத்துக்குள் சேர்ந்தவர்கள். 52 பேருக்கும் ஒப்பந்தம் முடியும்வரை பழைய கட்டணம்தான். அவரவர் புதுப்பிக்கும் தேதியில்தான் புதியது. 18 பேரின் ஒப்பந்தத்தில் எந்தத் தடையும் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அவர்கள் 1,000 என்ற விலையைப் பார்த்து மற்றவர்களோடு ஒப்பிட்டு இப்போதுதான் முடிவெடுத்தவர்கள். மூன்றாம் மாதமே விலை மாறினால், ஏற்றப்போவது தெரிந்தே தங்களைச் சேர்த்துக்கொண்டதாக நினைப்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதமாவது அவர்களை விட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தோடு நிறுத்த வேண்டாம். பழைய மின்னஞ்சல்களில் "விலை", "கட்டணம்", "மாறாது" என்று தேடிப் பாருங்கள். விற்பனையில் இருந்த யாரோ ஒருவர் "உங்களுக்கு எப்போதும் இதே ரேட்தான்" என்று எழுதியிருப்பார். அப்படி எழுத்தில் கொடுத்த வாக்கு கிடைத்தால் அந்த வாடிக்கையாளரைப் பொதுப் பட்டியலிலிருந்து எடுத்து, தனியாகப் பேச வேண்டியவர்கள் பட்டியலில் வையுங்கள். சம்மதித்தால் மட்டும் ஏற்றுங்கள்.

## 2. தொகையைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

ஒரு வாடிக்கையாளருக்கு ஆகும் செலவைப் பிரித்து எழுதுங்கள். நம் நிறுவனத்தில் அது முன்பு 600: கணக்காளர் சம்பளம் 450, மென்பொருள் உரிமம் 90, மற்றவை 60. இப்போது சம்பளம் 531 ஆகவும் உரிமம் 109 ஆகவும் உயர்ந்திருக்கின்றன, மற்றவை அப்படியே. மொத்தம் 700. முன்பு ஆளுக்கு 400 மிஞ்சியது, இப்போது 300தான் மிஞ்சுகிறது.

கட்டணத்தை 1,120 ஆக்கினால் 420 மிஞ்சும். ஏற்றாமலே 200 பேரையும் வைத்துக்கொண்டால் மாதம் 60,000. ஏற்றிய பிறகு அதே 60,000 கிடைக்க 143 பேர் போதும். அப்படியானால் 57 பேர் போனாலும் நஷ்டமில்லை என்று தோன்றும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒருவர் விலகிய மறுமாதமே அவருக்கான 700 செலவும் நின்றுவிடும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. சம்பளம் அப்படிக் குறையாது. உடனே குறைவது உரிமமும் மற்றவையும் சேர்ந்த 169 மட்டும். ஆக, விலகும் ஒவ்வொருவராலும் 951 இழப்பு. எல்லோரும் புதிய கட்டணத்துக்கு வந்தபின் 200 பேரிடமிருந்து மாதம் கூடுதலாக வரும் 24,000ஐ 951 ஆல் வகுத்தால் 25. உண்மையில் தாங்கக்கூடிய எண்ணிக்கை 57 அல்ல, 25.

இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த முதல் வாரத்தில் நான்கு பேர் கோபமாக எழுதுவார்கள். உங்கள் எல்லை 25 என்று தெரிந்திருந்தால் பதறிப்போய் அறிவிப்பைத் திரும்பப் பெற மாட்டீர்கள். ஏற்றியதைத் திரும்பப் பெற்று, சில மாதம் கழித்து மறுபடி ஏற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி.

ஏற்ற வேண்டியதை ஒரே தடவையில் ஏற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30, 40 என்று ஏற்றினால் தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கடிதமும் வாடிக்கையாளரை வேறு இடம் தேடச் சொல்லி நினைவூட்டும்.

## 3. காரணம் தொகைக்குப் பொருந்துகிறதா என்று சோதியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

விலை உயர்வை மக்கள் எப்போது நியாயம் என்று ஏற்கிறார்கள் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகியோர் ஆராய்ந்து 1986இல் வெளியிட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் காலை ஒரு கடைக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியின் விலையை 15 டாலரிலிருந்து 20 ஆக்கினால் சரியா என்று கேட்டபோது, 82% பேர் நியாயமில்லை என்றார்கள். கடைக்காரருடைய செலவு கூடி அதனால் விலை கூடினால் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள். தேவை அதிகமாக இருப்பதைப் பயன்படுத்திக்கொண்டால் ஏற்கவில்லை. உங்கள் வாடிக்கையாளர் கடிதத்தைப் படித்ததும் மனதில் கேட்பதும் இதே கேள்விதான்: இவர்களுக்குச் செலவு கூடியிருக்கிறதா, இல்லை என்னால் விலக முடியாது என்று தெரிந்து கேட்கிறார்களா?

அதனால் செலவைக் காரணமாகச் சொல்வது சரி. ஆனால் எந்தச் செலவை? நம் எடுத்துக்காட்டில் உரிமக் கட்டணம் 21% ஏறியிருக்கிறது, சம்பளம் 18%தான். "மென்பொருள் உரிமம் 21% கூடிவிட்டது, நாங்கள் 12% மட்டும் ஏற்றுகிறோம்" என்று எழுதக் கை துடிக்கும். கேட்க நன்றாக இருக்கும், இரண்டு எண்ணும் உண்மைகூட. ஆனால் 120 உயர்வில் உரிமத்தின் பங்கு வெறும் 19. அதே மென்பொருளை வாங்கிப் பயன்படுத்தும் ஒரு வாடிக்கையாளர் ஐந்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்துவிடுவார். பிறகு நீங்கள் அனுப்பும் பில்லையெல்லாம் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

சோதனை எளிது. சொல்லப்போகும் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில், அதனால் ஒரு வாடிக்கையாளருக்கு எவ்வளவு கூடியது என்று எழுதுங்கள். சம்பளம் 81, உரிமம் 19, மொத்தம் 100. உயர்வோ 120. மீதி 20க்கு என்ன காரணம்? "எல்லாச் செலவும் கூடிவிட்டது" என்று அதை மூடிவிடாதீர்கள். அடுத்த ஆண்டும் சம்பளம் ஏறும், அதற்காக மறுபடி கடிதம் அனுப்ப விரும்பவில்லை என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அதையே சொல்லி 18 மாதம் விலை மாறாது என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது என்றால் 20ஐ விட்டுவிட்டு 1,100 என்று வையுங்கள். காரணம் சொல்ல முடியாத தொகையை ஏற்றவே வேண்டாம்.

லாபத்தைக் கூட்டுவதற்காகத்தான் ஏற்றுகிறீர்கள், செலவு கூடவில்லை என்றால் செலவுக் கதை சொல்லாதீர்கள். சேவையில் கடந்த காலத்தில் கூடியது என்ன என்று பாருங்கள். முன்பு வாரம் ஒருமுறை செய்த பதிவை இப்போது தினமும் செய்கிறீர்கள் என்றால் அது நேர்மையான காரணம். ஆனால் ஏற்கெனவே நடந்திருக்க வேண்டும். "இனிமேல் மேம்படுத்துவோம்" என்று சொல்லி இன்றே பணம் கேட்பது எடுபடாது.

## 4. தேதியையும் சொல்லும் வரிசையையும் குறியுங்கள்

அறிவிப்புக்கும் புதிய கட்டணத்துக்கும் நடுவே, பழைய கட்டணத்தில் குறைந்தது ஒரு முழு பில் வர வேண்டும். அந்த பில் வாடிக்கையாளருக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. கடிதத்தைக் கவனிக்காதவருக்கு அதன் கீழே போடும் ஒரு வரி இரண்டாவது அறிவிப்பாகவும் ஆகிறது. ஜூன் 1 முதல் ஏற்றுவதானால் ஏப்ரல் 10 வாக்கில் கடிதம் போக வேண்டும். ஆண்டு ஒப்பந்தக்காரர்களுக்குப் புதுப்பிக்கும் தேதிக்கு 60 முதல் 90 நாள் முன்பு. உங்கள் ஒப்பந்தமோ உங்கள் நாட்டுச் சட்டமோ இதைவிட நீண்ட அவகாசம் கேட்டால் அதுதான் கணக்கு.

சொல்லும் வரிசை: முதலில் ஊழியர்கள், அடுத்து பெரிய வாடிக்கையாளர்களுக்கும் தனிப் பட்டியலில் இருப்பவர்களுக்கும் தொலைபேசியில், அதற்கு மறுநாள் மாதா மாதம் கட்டும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடிதம், கடைசியாக இணையதளத்தில் விலை மாற்றம். இணையதளம் முந்திக்கொண்டால், பழைய வாடிக்கையாளர் விலையை அங்கே பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். போனை எடுக்கும் ஊழியருக்கும் விஷயம் தெரியாவிட்டால், மறைக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார். தொலைபேசிப் பேச்சையும் நாலைந்து நாள் இழுக்காதீர்கள். ஒருவர் இன்னொருவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

## 5. கடிதம் எழுதுங்கள்

முதல் வரியிலேயே பழைய தொகை, புதிய தொகை, தேதி மூன்றும் வந்துவிட வேண்டும். நன்றி சொல்லி, நிறுவன வளர்ச்சியைச் சொல்லி, நான்காவது பத்தியில் தொகையை வைத்தால், படிப்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது மேலே சொன்ன நன்றி வெறும் முன்னுரையாகிவிடும். சதவீதம் மட்டும் எழுதாதீர்கள். அவரவர் கட்டும் தொகையையே போடுங்கள், கணக்குப் போடும் வேலையை அவரிடம் விடாதீர்கள்.

> பொருள்: ஜூன் 1 முதல் உங்கள் மாதக் கட்டணம் 1,120
>
> அன்புள்ள வாடிக்கையாளருக்கு,
>
> நீங்கள் இப்போது செலுத்தும் மாதக் கட்டணம் 1,000. ஜூன் 1 முதல் அது 1,120 ஆகிறது. மே மாத பில் பழைய கட்டணத்திலேயே வரும்.
>
> உங்கள் கணக்கைப் பார்க்க எங்களுக்கு ஆகும் செலவு மாதம் 100 கூடியிருக்கிறது. அதில் 81 கணக்காளர்களின் சம்பள உயர்வு, 19 மென்பொருள் உரிமம். அனுபவமுள்ள கணக்காளர்களை இழந்தால் உங்கள் கணக்கில் பிழைகள் வரும் என்பதால் சம்பளத்தை உயர்த்தினோம். மீதி 20, அடுத்த ஆண்டு வரப்போகும் செலவுக்காக. இந்தக் கட்டணம் 18 மாதம் மாறாது.
>
> உங்களுக்கான கணக்காளரும் மாத அறிக்கையும் இப்போது உள்ளபடியே தொடரும்.
>
> 1,000லேயே தொடர விரும்பினால், மாத அறிக்கைக்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை தரும் எளிய திட்டத்துக்கு மாறலாம். சேவையை நிறுத்த நினைத்தால் மே 31க்குள் தெரிவித்தால் போதும். உங்கள் கணக்குக் கோப்புகள் முழுவதையும் கட்டணமின்றித் தந்துவிடுவோம்.
>
> கேள்விகளுக்கு என்னை நேரடியாக அழைக்கலாம்.
>
> (பெயர், பொறுப்பு, நேரடி எண்)

விலகும் வழியைக் கடிதத்திலேயே சொல்வதா என்று பலர் தயங்குகிறார்கள். விலக நினைப்பவர் எப்படியும் விலகுவார். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தவருக்கு, சிக்கவைத்துப் பணம் கேட்கிறார்கள் என்ற எண்ணம் வராது. மண்வெட்டிக் கேள்வியில் மக்களுக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

"கட்டணச் சீரமைப்பு", "உங்கள் நன்மைக்காக", "மிகச் சிறிய மாற்றம்" போன்றவற்றை நீக்குங்கள். 120 சிறியதா பெரியதா என்பதைக் கட்டுபவர்தான் சொல்ல வேண்டும். கூடவே வேறு எந்தச் செய்தியையும் சேர்க்காதீர்கள். 2011இல் நெட்ஃபிளிக்ஸ் டிவிடி வாடகையையும் இணைய ஒளிபரப்பையும் இரண்டு திட்டங்களாகப் பிரித்தது. இரண்டும் வேண்டுமென்றவர்களுக்குக் கட்டணம் ஏறத்தாழ 60% கூடியது. அறிவிப்போ அதைப் புதிய தெரிவுகள் கிடைப்பதுபோல் முன்வைத்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 8 லட்சம் சந்தாதாரர்களை அது இழந்தது.

## 6. போனை எடுப்பவரைத் தயார் செய்யுங்கள்

கடிதம் போவதற்கு முந்தின நாள் ஊழியர்களை உட்காரவைத்து, கடினமான கேள்விகளைக் கேட்டுப் பழக்குங்கள். கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு:

"அஞ்சு வருஷமா உங்ககிட்டதான் சார் இருக்கேன். எனக்குமா ஏத்தறீங்க?"

"ஆமாங்க, பழையவங்களுக்கும் இதே கட்டணம்தான். செலவு கூடின கணக்கைக் கடிதத்துல போட்டிருக்கோம், வேணும்னா இப்பவே சொல்றேன். 1,120 கஷ்டமா இருந்தா எளிய திட்டத்துல உங்களுக்கு எது குறையும்னு பார்த்துச் சொல்லட்டுமா?"

முதல் வார்த்தை "ஆமாங்க". கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. மன்னிப்பும் இல்லை, வாதமும் இல்லை, அடுத்து என்ன செய்யலாம் என்பதற்கு நேராகப் போகிறது. "மேலிடத்து முடிவு சார், நான் என்ன பண்ண முடியும்" என்று ஊழியர் சொன்னால், கடிதத்தில் இருந்த காரணத்தை உங்கள் ஆளே நம்பவில்லை என்றாகிவிடும்.

சலுகை தருவதில் ஒரே விதி: கடிதத்தில் இல்லாத சலுகை யாருக்கும் கிடையாது. சத்தம் போட்டவருக்கு மட்டும் பழைய கட்டணம் என்று விட்டுக்கொடுத்தால், பேசாமல் கட்டிய மற்றவர்களுக்குத் தண்டனை கொடுத்ததாக ஆகும். அது வெளியே தெரியவந்தால் செலவுக் காரணமும் பொய்யாகத் தோன்றும். உண்மையிலேயே தொழில் நொடித்துத் தவிப்பவர்களுக்கு ஏதாவது செய்ய நினைத்தால், அதையும் விதியாக்கிக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்: கேட்பவர் எல்லோருக்கும் மூன்று மாதத் தள்ளிவைப்பு, அவ்வளவுதான். ஒருவருக்கு அது 360 செலவு. 20 பேர் கேட்டாலும் 7,200. முன்கூட்டியே தெரிந்த தொகை.

## 7. முதல் பில்லைச் சரிபாருங்கள்

கடிதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், மே மாதமே 1,120 என்று ஒரு பில் போய்விட்டால் அதோடு முடிந்தது. பில் மென்பொருளில் கட்டணத்தை மொத்தமாக மாற்றினால் 52 ஒப்பந்தக்காரர்களும் 18 புதியவர்களும் சேர்ந்தே மாறிவிடுவார்கள். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. முதலில் அந்த 70 பேரையும் தனிப் பிரிவாக்கிவிட்டு, பிறகு மற்ற 130 பேருக்கு மாற்றுங்கள். பில் போவதற்கு முன் ஒவ்வொரு பிரிவிலும் ஐந்து பில்லை எடுத்துக் கண்ணால் பாருங்கள்.

வங்கி மூலம் தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், வாடிக்கையாளர் கொடுத்த அனுமதியில் உச்சத் தொகை என்ன என்று பாருங்கள். 1,000 வரை என்று அனுமதித்தவருக்கு 1,120 பிடிக்கப்போனால் பரிவர்த்தனை தோற்கும். அவருக்கு வருவது "உங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது" என்ற எச்சரிக்கை. விலகும் எண்ணமே இல்லாதவரை நாமே விரட்டுவது இது. அப்படிப்பட்டவர்களுக்கு மே மாதத்திலேயே புதிய அனுமதி கேட்டு எழுதுங்கள். ஜூன் மாதம் தானியங்கி எச்சரிக்கையையும் நிறுத்தி வையுங்கள்.

ஜூன் பில்லில் இரண்டு தொகையையும் காட்டுங்கள்: "முந்தைய கட்டணம் 1,000, ஜூன் 1 முதல் 1,120, அறிவித்த நாள் ஏப்ரல் 10." கடிதத்தை மறந்தவருக்கு இந்த ஒரு வரி போதும்.

## 8. இரண்டு பில் சுற்றுவரை எண்ணுங்கள்

விலகியவர்களை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: விலையைக் காரணம் சொன்னவர்கள், வேறு காரணம் சொன்னவர்கள், பணம் பிடிக்க முடியாமல் நின்றுபோனவர்கள். மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் பயம்தான் மிஞ்சும். மூன்றாம் வகையினருக்குப் போன் செய்தால் பலர் திரும்பி வருவார்கள்.

விலையால் விலகியவர்கள் 25ஐ நெருங்கினால் கட்டணத்தைக் குறைக்க அவசரப்படாமல், அவர்கள் எந்த வகையினர் என்று பாருங்கள். எல்லோரும் மாதம் பத்துப் பதினைந்து பதிவுகள் மட்டும் உள்ள சிறு கடைக்காரர்கள் என்றால், அவர்களுக்கு 1,000மே அதிகமாக இருந்திருக்கிறது. அவர்களுக்கு ஏற்ற குறைந்த சேவை ஒன்றை வகுத்து, விலகியவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் ஒரே நாளில் அறிவியுங்கள்.

யாருக்காவது தவறாகப் புதிய கட்டணம் போயிருந்தது தெரிந்தால், அவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் அன்றே 120ஐத் திருப்பி அனுப்பி, எதனால் நடந்தது என்று இரண்டு வரியில் எழுதுங்கள். அடுத்த பில்லில் கழித்துக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். எடுத்த வழியிலேயே பணம் திரும்பிப் போக வேண்டும். பிறகு 18 மாதம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பு செலவுக் கணக்கை மறுபடி எடுத்து வையுங்கள். உரிமக் கட்டணம் அதற்குள் இறங்கியிருந்தால், அந்த வரியும் அடுத்த கடிதத்தில் இடம்பெற வேண்டும்.